முதல் பேமென்ட்டுக்கு முன்னால் போகும் மெயில்

“எங்கள் நிறுவனத்தில் உங்களை வென்டராகப் பதிவு செய்ய பான், ஜிஎஸ்டி சான்றிதழ், ஆதார், உத்யம், கேன்சல்டு செக் ஆகியவற்றை இணைப்பிலுள்ள படிவத்தோடு உடனே அனுப்பவும். தவறினால் பேமென்ட் நிறுத்தி வைக்கப்படும்.”

சின்ன நிறுவனம், பெரிய நிறுவனம் என்றில்லாமல் நம் ஊர் அக்கவுன்ட்ஸ் பிரிவுகளிலிருந்து இப்படித்தான் மெயில் போகிறது. கோவையில் பம்ப் செட் செய்யும் ஒரு நிறுவனம், ஷெட்டுக்கு வெள்ளையடித்த பெயின்டிங் கான்ட்ராக்டருக்கு இதை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்துவிட்டது. கூலி 85,000 ரூபாய். பெயின்ட் நிறுவனமே வாங்கிக் கொடுத்தது. மெயில் போய் பத்து நாளாகியும் பதில் இல்லை. அக்கவுன்ட்ஸில் இருப்பவர் ‘பேப்பர் அனுப்பவில்லை’ என்கிறார். கான்ட்ராக்டரோ ‘பணம் தரவில்லை’ என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். கோளாறு மெயிலில் இருக்கிறது.

அவர் பக்கத்திலிருந்து அதைப் படித்துப் பாருங்கள். அவரை வேலைக்குக் கூப்பிட்டவர் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மெயில் வந்திருப்பதோ பார்த்தே இராத ஒரு முகவரியிலிருந்து. எந்த வேலை, எவ்வளவு தொகை என்று ஒரு வரி இல்லை. வங்கிக் கணக்கைக் கேட்கிறது, இணைப்பைத் திறக்கச் சொல்கிறது, அவசரப்படுத்துகிறது. மோசடி மெயிலுக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் எல்லாமே இதில் இருக்கின்றன. வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்தால் “திறக்காதீங்கப்பா” என்றுதான் சொல்லுவான், அவன் சொல்வதும் சரி. ஆகவே மெயிலின் முதல் வேலை, தான் யாரென்று நிரூபிப்பது. வேலை ஆர்டர் எண், இடம், தொகை, கூப்பிட்ட இன்ஜினியரின் பெயர் ஆகிய நான்கும் முதல் பத்தியிலேயே வரவேண்டும். சந்தேகம் இருந்தால் இந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் இன்ஜினியர் எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம் என்றும் எழுத வேண்டும்.

அடுத்தது, கேட்கும் பட்டியல். எல்லோருக்கும் ஒரே பட்டியலை அனுப்புவதுதான் பெரிய தவறு என்பது என் எண்ணம். சேவை செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. இந்த கான்ட்ராக்டருக்கு அந்த எண்ணே கிடையாது. ‘கட்டாயம்’ என்று பார்த்ததும் அவர் பேசாமல் இருந்துவிடலாம். அல்லது மச்சானின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டுத் தரலாம். இரண்டாவதுதான் ஆபத்து. பில் ஒருவர் பேரில், பான் இன்னொருவர் பேரில் என்று ஆகி, வரிக் கணக்கில் இரு தரப்பும் மாட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரியவரின் பான் எண்ணேதான். அனுப்பிய பான் கார்டோடு அந்தப் பத்தும் பொருந்தவில்லை என்றால் விஷயம் புரிந்துவிடும். இந்தச் சிக்கலே வராமல் தடுக்க, ‘ஜிஎஸ்டி பதிவு இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்’ என்று மெயிலில் சேர்த்தாலே போதுமானது.

ஆதாரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பேமென்ட் போட அது தேவையில்லை. தேவையில்லாததை வாங்கி வைத்தால் அதைக் காக்கும் பொறுப்பும் நம் தலையில் விழும்.

பான் ஏன் கேட்கிறோம் என்பதைத் தொகையோடு சொல்ல வேண்டும். தனிநபர் கான்ட்ராக்டருக்கு டிடிஎஸ் 1 சதவீதம். 85,000-க்கு 850 ரூபாய் பிடித்தம் போக, கையில் 84,150 வரும். பான் தராவிட்டால் 20 சதவீதம், அதாவது 17,000 பிடிக்க வேண்டும். ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்த பானுக்கும் இதே நிலைமை வரலாம். இதை முன்கூட்டியே எழுதிவிட்டால், ‘பேசினது ஒன்று, போட்டது ஒன்று’ என்ற மனத்தாங்கல் வராது. அந்த 850-ஐ வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறவோ கழித்துக்கொள்ளவோ வழியுண்டு என்பதையும் சொல்லலாம்.

வங்கி விவரத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் தர வேண்டும். கேன்சல்டு செக் மட்டும் கேட்டால், செக் புக்கே இல்லாதவரும், பெயர் அச்சிடாத செக் வைத்திருப்பவரும் திகைப்பார்கள். பாஸ்புக்கின் முதல் பக்கமும் போதும். 2020-இல் வங்கிகள் இணைந்தபோது சிண்டிகேட் கனரா வங்கியோடும், அலகாபாத் இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. அந்தக் காலத்துப் பழைய செக்கில் இருக்கும் ஐஎஃப்எஸ்சி இப்போது செல்லாது. ஐஎஃப்எஸ்சி-யின் ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில ‘ஓ’ தட்டச்சாகித் திரும்பிவரும் பேமென்ட்டுகள் உண்டு. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் இன்னும் மோசம். நெஃப்ட்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போய்ச் சேர்கிறது. பெயர் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்துக்கொள்ளும் என நம்பியிருக்க முடியாது. அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொன்னது. அதைப் பயன்படுத்துங்கள், கூடவே ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போனில் கேளுங்கள்.

இத்தனையும் சேர்த்து எழுதினால் மெயில் இப்படி இருக்கும்:

“வணக்கம் ஐயா. எங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் சொல்லி நீங்கள் செய்யும் இரண்டாம் ஷெட் பெயின்டிங் வேலைக்கான (ஆர்டர் எண் 212, கூலி ரூ.85,000) பணத்தை உங்கள் கணக்கில் போட மூன்று விஷயங்கள் வேண்டும். பான் கார்டு போட்டோ. பாஸ்புக் முதல் பக்கம் அல்லது பெயர் அச்சிட்ட கேன்சல்டு செக், கணக்கு பானில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். ஜிஎஸ்டி, உத்யம் பதிவு இருந்தால் சான்றிதழ், இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று ஒரு வரி. டிடிஎஸ் ரூ.850 போக ரூ.84,150 வரும். ஓடிபி, ஏடிஎம் பின் எதையும் நாங்கள் கேட்க மாட்டோம். சந்தேகம் இருந்தால் இன்ஜினியரை உங்களிடம் உள்ள எண்ணில் அழையுங்கள். பின்னால் கணக்கை மாற்ற வேண்டுமானால் நேரில் வாருங்கள். மெயிலில் வரும் மாற்றத்தை ஏற்க மாட்டோம்.”

கடைசி வரியை யாரும் வெட்டிவிடக் கூடாது. ஒருவரின் மெயில் பெட்டிக்குள் புகுந்து, பில் போகும் சமயம் பார்த்து, ‘எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று அவர் முகவரியிலிருந்தே எழுதும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. முகவரி சரியாக இருப்பதால் பார்த்தால் தெரியாது. முதல் நாள் பதிவுசெய்து வைத்த போன் எண்ணுக்கு அழைத்துக் கேட்பதுதான் தடுக்கும் வழி. பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அந்த நிமிஷமே வங்கிக்கும் 1930-க்கும் சொல்ல வேண்டும்.

இந்த மெயில் போக வேண்டிய நாளையும் மாற்ற வேண்டும். பில் வந்தபிறகு அனுப்பும் வழக்கம்தான் பெரும்பாலும். கான்ட்ராக்டர் உத்யம் பதிவுள்ள குறுநிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. இந்த நாள்கணக்கு வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது, பேப்பர் வந்துசேரும் நாளிலிருந்து அல்ல. ஆகவே வேலை ஆர்டர் போகும் அன்றே இந்த மெயிலும் போய்விட வேண்டும்.