பவுன் விலையும் அத்தையின் கணக்கும்

சித்தூர் மாவட்டத்தில், நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் விஜயபுரம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 2011 செப்டம்பர் முதல் வாரத்தில் அங்கிருந்து அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "நைனா, பேப்பர் பாத்தியா? தங்கம் வரலாறு காணாத விலையாம். இப்ப வாங்கலேன்னா இனிமே நம்மளால தொடவே முடியாது. பத்து சவரனுக்குப் பணம் அனுப்பு." பேத்தியின் கல்யாணத்துக்காம். பேத்திக்கு அப்போது ஒன்பது வயது.

அனுப்பினேன். எனக்கும் அன்றைக்கு அதே பயம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பயத்தை இங்கே அலுவலகத்தில் 'ஃபோமோ' என்கிறார்கள். எல்லோரும் ஏறிவிட்ட பேருந்தை நாம் மட்டும் விட்டுவிடுவோமோ என்கிற தவிப்பு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஜனவரியில் தங்கம் விலை குறைவாகவே இருந்தது, அத்தை கையிலும் மாங்காய் விற்ற பணம் இருந்தது. அப்போது வாங்கத் தோன்றவில்லை. விலை ஏறி, அது முதல் பக்கத்துக்கு வந்த பிறகுதான் தோன்றியது. பங்குச் சந்தையில் தனி மனிதர்களின் வாங்கலை ஆராய்ந்த பார்பர், ஒடீன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2008இல் இதையே எழுதினார்கள். செய்தியில் அடிபடும் பங்கைத்தான் சாதாரண மக்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. வாங்குவதற்கு ஆயிரம் பொருள் இருக்கும்போது கண்ணில் படுவதைத்தானே வாங்குவோம். விலை மெல்லக் குறைவதை எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அன்றைய சவரன் விலை ஏறத்தாழ 21,000 ரூபாய். பத்து சவரனுக்கு 2,10,000. திருப்பதிக் கடையில் செய்கூலி, சேதாரம் என்று பதினைந்து சதவீதம், அதாவது 31,500 சேர்த்தார்கள். வரியை விட்டுவிட்டால் மொத்தம் 2,41,500. டாலர் 47 ரூபாய் என்று வைத்தால் நான் அனுப்பியது சுமார் 5,140 டாலர்.

உலகச் சந்தையில் அந்த வாரம்தான் தங்கம் அவுன்சுக்கு 1,900 டாலரைத் தொட்டு உச்சத்தில் நின்றது. 2015 டிசம்பரில் அது 1,050 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. ஊரில் சவரன் ஏறத்தாழ 19,000. அன்று அந்த நகையை விற்றிருந்தால், கடைக்காரர் கழிவு போக 1,85,000 ரூபாய் கிடைத்திருக்கும். டாலரோ 66 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆக என் 5,140 டாலர், 2,800 டாலராகக்கூட இல்லை. ஏறக்குறைய பாதி போய்விட்டது.

ஆனால் அத்தையைக் கேட்டால், "இருபத்தொண்ணு பத்தொன்பதாச்சு, அவ்ளோதானே" என்பார். ரூபாயின் மதிப்புச் சரிவு தங்கத்தின் வீழ்ச்சியை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. செய்கூலியை அவர் நினைவிலேயே வைக்கவில்லை. அதே 2,41,500ஐ ஒன்பது சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் (அன்று அந்த வட்டி கிடைத்தது) நான்கு ஆண்டில் 3,40,000 ஆகியிருக்கும் என்பதும் அவர் கணக்கில் வரவில்லை. அவர் மனதில் நின்றது ஒரே ஓர் எண்: இருபத்தோராயிரம்.

இரண்டாவது பிழை இங்கேதான் தொடங்குகிறது. உளவியலாளர்கள் இதை நங்கூரம் பாய்ச்சுதல் என்கிறார்கள். 1974இல் டிவெர்ஸ்கி, கானமன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10 அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி செய்யப்பட்டது. பிறகு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 10ஐப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25. 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் முதலில் கேட்ட எண்ணை விட்டு மனசு அதிக தூரம் நகர மறுக்கிறது.

2013 ஏப்ரல் 12, 15 ஆகிய இரண்டு சந்தை நாட்களில் தங்கம் அவுன்சுக்கு 200 டாலருக்கு மேல் விழுந்தது. உலகத்தில் பலர் விற்று ஓட, நம் நாட்டில் நகைக்கடைகளில் கூட்டம் அலைமோதியது. சவரன் சுமார் 19,500. முந்தைய ஆண்டு இறுதியில் 23,000க்கு மேல் பார்த்த கண்ணுக்கு அது கொள்ளை மலிவு. அத்தை இன்னும் நாலு சவரன் வாங்கினார். விலை மலிவா என்பதை எதை வைத்து முடிவு செய்தார்? பழைய தலைப்புச் செய்தியை வைத்துத்தான்! உச்ச விலை என்பது ஒரு நாள் யாரோ கொடுத்த விலை, அவ்வளவே. அது தங்கத்தின் 'சரியான' விலை அல்ல.

நங்கூரம் வாங்கும்போது மட்டும் இழுப்பதில்லை, விற்கவும் விடாது. 2014 நவம்பரில் போர்வெல் போட அத்தைக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டது. ஐந்து சவரன் விற்றால் முடிந்தது. "இருபத்தொண்ணுக்கு வாங்கினதை நஷ்டத்துக்குக் குடுப்பனா? வாங்கின விலை வரட்டும்" என்று இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினார். (வங்கியில் அடகு வைத்திருந்தாலும் வட்டி பாதியாகியிருக்கும். "புள்ளைக்குச் சேத்ததை அடகு வெக்கறதா" என்று அதற்கும் மறுத்துவிட்டார்.) வாங்கின விலை 2016 பிப்ரவரி வாக்கில் வந்தது. பதினைந்து மாதத்தில் வட்டி மட்டும் 30,000. காத்திருந்ததால் ஐந்து சவரனில் மீண்டது ஏழெட்டாயிரம் ரூபாய். வாங்கின விலை என்ன என்பது தங்கத்துக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படாது.

அப்படியானால் உச்சத்தில் வாங்குவது எப்போதும் தப்பா? அதுவும் இல்லை. 1980 ஜனவரி 21 அன்று 850 டாலர் கொடுத்தவர், அந்த எண்ணை மறுபடி பார்க்க 2008 வரை காத்திருந்தார். 2024இல் உச்ச விலைக்கு வாங்கியவரோ அடுத்த ஆண்டே பெரும் லாபம் கண்டார். 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டிய தங்கம், தீபாவளிக்கு மறுநாளான 21ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் அந்த உச்சத்தையும் தாண்டியது. 'வரலாறு காணாத விலை' என்ற சொற்றொடருக்குள் நாளைய விலை பற்றிய தகவல் எதுவும் இல்லை, ஏறும் என்றும் இல்லை, இறங்கும் என்றும் இல்லை. அதனால்தான் விளைவை வைத்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. அதே நகையை அத்தை இன்றுவரை வைத்திருக்கிறார். சவரன் நாலு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதால் ஊரில் அவர்தான் புத்திசாலி.

பிழையைக் கண்டுகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாங்கத் தோன்றிய நாளைப் பார்ப்பதுதான். கல்யாணத் தேதி சொல்லி வாங்கினால் அது தேவை. பத்திரிகைத் தேதி சொல்லி வாங்கினால் அது பயம். சேமிப்புக்கு என்றால் காசாகவோ கட்டியாகவோ, மாதம் ஒரு கிராம் என்று விலையைப் பார்க்காமல் வாங்கலாம். செய்கூலியில் பெரும்பகுதியாவது மிஞ்சும், எந்த ஒரு நாளின் விலையும் நங்கூரமாகாது.

போன தீபாவளிக்கு அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரி நைனா, நீ சொல்றது ஞாயம்தான். அந்த நாலு சவரன் வாங்கினேனே, பத்தொன்பதரைக்கு? அந்த விலைக்கு வந்தா மட்டும் சொல்லு, இன்னும் ரெண்டு வாங்கிப் போடலாம்" என்றார்.