ஒரு நொடியில் 63 சதவீதம்

5 வோல்ட் மின்சாரம், 10 கிலோ ஓம் மின்தடை, 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. இவற்றைத் தொடராக இணைத்து, மின்தேக்கியின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் மின்னழுத்தம் மெல்ல ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். மின்தேக்கியில் அது, C-ஐ மின்னழுத்தம் மாறும் வேகத்தால் பெருக்கிய அளவு. அதை R-ஆல் பெருக்கினால் மின்தடையில் விழும் வோல்ட். அதோடு மின்தேக்கியின் வோல்ட்டைக் கூட்டினால் உள்ளீடு கிடைத்துவிடும்:

Vi = RC·(dVo/dt) + Vo

மின்தேக்கி முதலில் காலியாக இருந்தால், லாப்லாஸ் மாற்றத்தில் d/dt இருந்த இடத்தில் s வந்து உட்காரும். வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் பரிமாற்றச் சார்பு:

H(s) = 1/(1 + sRC)

சுவிட்சைத் திடீரெனப் போடுவது 5/s என்ற உள்ளீடு. அதை H(s)-ஆல் பெருக்கி, நேரத்துக்குத் திரும்பினால்:

Vo = 5(1 − e^(−t/RC))

இங்கே RC சரியாக 1 நொடி. முதல் நொடியின் முடிவில் மீட்டர் 3.16 வோல்ட் காட்ட வேண்டும். அதுதான் 63 சதவீதம். மூன்றாம் நொடியில் 4.75, ஐந்தாவதில் 4.97. ஆரம்ப வேகம் குறையாமலே இருந்திருந்தால் முதல் நொடியிலேயே 5-ஐத் தொட்டிருக்கும். ஆனால் மின்தேக்கி நிரம்ப நிரம்ப, மின்தடைக்கு மிஞ்சும் வோல்ட் குறைகிறது, மின்னோட்டமும் தளர்கிறது.

தொடக்கத்திலேயே மீட்டர் 2 வோல்ட் காட்டினால் பழைய மின்னூட்டம் மிச்சமிருக்கிறது. முதலில் அதை இறக்கியாக வேண்டும். 1 மெகா ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டாலும் RC அதே 1 நொடிதான். ஆனால் மீட்டரின் சொந்த 10 மெகா ஓம் குறுக்கே வந்து, ஏற்றம் 4.55 வோல்ட்டிலேயே நின்றுவிடும்.