பிரித்து வைத்த முதல் சேர்ந்து சரிவதேன்?

கைமுதலைப் பல இடங்களிற் பிரித்து வைத்தால், ஒன்று வீழினும் மற்றொன்று தாங்கும் என்பர். அமைதியான காலத்தில் அது மெய்யே. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு முதலீடுகளைச் சரிபாதியாக வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கமும் 20 வீதமாயின், மொத்தத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 14 வீதமே. இரண்டும் முற்றாக ஒன்றாய் அசையத் தொடங்கினாலோ, அது மீண்டும் 20 வீதமாகிவிடும்.

அமெரிக்காவின் லோங் டேர்ம் கப்பிட்டல் மனேஜ்மென்ட் என்னும் நிதியம் இதனை 1998ஆம் ஆண்டில் அனுபவித்தது. தன் முதலைப்போல் இருபது மடங்குக்கும் மேலாகக் கடன் பெற்று, பல நாட்டுச் சந்தைகளில் அது முதலிட்டிருந்தது. ஆகஸ்ட் 17ஆம் திகதி ரஷ்யா தன் உள்நாட்டுக் கடனைச் செலுத்தாது நிறுத்தியது. அங்கே நட்டமடைந்தோரிடம் கடன் கொடுத்தோர் மேலதிக ஈடு கேட்டனர். அதற்காக அவர்கள், ரஷ்யாவோடு எவ்விதத் தொடர்புமற்ற பத்திரங்களையும் விற்றனர். அதனால் அவற்றின் விலையும் சரிந்தது. அதே பத்திரங்களை வைத்திருந்த ஏனையோரிடமும் ஈடு கேட்கப்படவே, அவர்களும் விற்றனர்.

பத்திரங்கள் வெவ்வேறு, வைத்திருந்தோரோ ஒரே கூட்டத்தினர். இதுவே தொடர்பு திடீரென உயர்ந்ததன் காரணம். செப்டெம்பரில் 14 நிதி நிறுவனங்கள் ஏறத்தாழ 360 கோடி டொலர் இட்டு அந்நிதியத்தைத் தாங்க நேர்ந்தது.

ஆதலின், இரு முதலீடுகளின் விலைகள் முன்னர் எவ்வாறு அசைந்தன என்பதோடு, அவற்றை எவர், எவ்வளவு கடனில் வைத்திருக்கின்றனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். கடனின்றி, செலவுக்கான கைப்பணத்தையும் தனியே வைத்திருப்பவர், விலை சரிந்த வேளையில் விற்கும் கட்டாயத்துக்கு ஆளாகார்.