பாடத்தின் பெயரிலேயே வேலை தெரிய வேண்டும்

இணையத்தில் எக்ஸல் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றைத் திறந்தால், பாடப் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 'அறிமுகம்', 'அடிப்படை ஃபார்முலாக்கள்', 'VLOOKUP பகுதி 1', 'VLOOKUP பகுதி 2', 'பிவோட் டேபிள்', 'முடிவுரை'. பாடம் எடுப்பவரின் கண்ணுக்கு இதில் குறையே தெரியாது. அவருக்குத்தான் VLOOKUP என்றால் என்னவென்று தெரியுமே. ஆனால் தன் மளிகைக் கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைத்து வந்தவர், தனக்கு வேண்டியது எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே VLOOKUP தெரிந்தவராக இருக்க வேண்டியிருக்கிறது. அவர் கற்க வந்ததே அதைத்தான்.

இந்தப் பட்டியலைத் திருத்தி எழுதுவதை வெறும் விளம்பர வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் தலைப்போடு பாடமும் சேர்ந்து திருந்துகிறது. எப்படி என்பதை அந்த VLOOKUP பாடத்தையே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பழைய தலைப்பை மறந்துவிட வேண்டும். வீடியோவின் கடைசிக்குப் போய், கற்பவரை அங்கே என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம் பாடத்தின் பயிற்சிக் கோப்பில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. Vilai என்ற தாளில் பொருள்களும் அவற்றின் விலையும். இன்னொன்று வெறும் பில். பில்லில் 'துவரம் பருப்பு' என்று அடித்தால் பக்கத்துக் கட்டத்தில் விலை வந்து நிற்க வேண்டும். அதற்கான ஃபார்முலா இது:

```
=VLOOKUP(A2,Vilai!$A$2:$B$200,2,FALSE)
```

ஆக, இந்தப் பாடத்தின் முடிவில் கற்பவர் கையில் இருப்பது விலை தானே வரும் ஒரு பில். தலைப்பையும் அப்படியே வைத்துவிடலாம்: 'விலை தானே வரும் பில் தயாரித்தல் (VLOOKUP)'. கருவியின் பெயரைத் தூக்கி எறிய வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு தேடி வருபவர்களும் இருக்கிறார்கள். வேலை முன்னால் வரட்டும், கருவி பின்னால் வரட்டும், அவ்வளவுதான்.

அடுத்தது விளக்கம். பழைய விளக்கம் இப்படி இருந்திருக்கும்: 'இந்தப் பாடத்தில் VLOOKUP பற்றி விரிவாகப் புரிந்துகொள்வோம்.' ஒருவர் புரிந்துகொண்டாரா என்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962-இல் வெளியிட்ட சிறு நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார். கற்றவர் என்ன செய்து காட்டுவார், எந்த நிலைமையில் செய்வார், எந்த அளவுக்குச் சரியாகச் செய்வார் என்ற மூன்றையும் எழுதுங்கள் என்றார். பாடத்திட்டம் எழுதுபவர்கள் இன்றைக்கும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அந்த மூன்றையும் நம் பாடத்துக்குப் பொருத்தினால் விளக்கம் இப்படி வரும்:

'உங்கள் கடையின் விலைப் பட்டியலை வைத்து, பொருளின் பெயரை அடித்ததும் விலை தானே வரும் பில் ஒன்றைத் தயாரிப்பீர்கள். பட்டியலில் இல்லாத பொருளை அடித்தால், தவறான விலை வராமல் பிழைக்குறி வர வேண்டும்.'

எழுதியாயிற்று. இனிமேல்தான் உண்மையான வேலை ஆரம்பம். 'தவறான விலை வராமல்' என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். பாடம் அதைக் காப்பாற்றுகிறதா? ஃபார்முலாவின் கடைசியில் இருக்கும் FALSE என்ற சொல்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. அதை விட்டுவிட்டால், பெயர் அச்சாக ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எக்ஸலுக்குப் போய்விடும். பட்டியல் அகர வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, தோராயமாகப் பொருந்தும் வரியின் விலையை எடுத்துக் கொடுக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. கடைக்காரர் அந்த விலைக்கே விற்றுவிடுவார். வீடியோவில் அந்தச் சொல்லை 'இதைச் சும்மா போட்டுக்கொள்ளுங்கள்' என்று கடந்து போயிருந்தால், நம் விளக்கம் பொய். அந்த இடத்தில் இரண்டு நிமிடம் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். FALSE இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இரண்டையும் காட்ட வேண்டும்.

இன்னொரு சொல்லும் சிக்கலைக் கிளப்பும்: 'உங்கள் கடையின் விலைப் பட்டியல்'. ஆசிரியர் கொடுத்த பயிற்சிக் கோப்பு சுத்தமாக இருக்கும். கடைக்காரர் தானே அடித்த பட்டியலில் 'துவரம் பருப்பு' என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எக்ஸலுக்கு அது வேறு பெயர். பொருள் பட்டியலில் இருந்தும் #N/A என்று வரும். வகுப்பில் சரியாக வந்தது வீட்டில் வரவில்லை என்று பலர் கைவிடுவது இந்த மாதிரி இடத்தில்தான். எனவே TRIM கொண்டு அந்த இடைவெளிகளைக் களைவதும் இந்தப் பாடத்துக்குள் வர வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், விளக்கத்தை நேர்மையாகக் குறைத்து, 'நாங்கள் தரும் மாதிரிப் பட்டியலை வைத்து' என்று எழுதிவிடலாம். இரண்டில் எதைச் செய்தாலும் சரி. வாக்கு ஒன்று, பாடம் ஒன்று என்று மட்டும் இருக்கக் கூடாது.

பாடங்களைச் சேர்த்த பகுதிக்கும் இதே முறைதான். 'அடிப்படை ஃபார்முலாக்கள்' என்ற பகுதிக்கு 'ஒரு மாத வரவு செலவை ஒரே தாளில் முடித்தல்' என்று பெயர் வைத்தால், அதற்குக் கீழே உள்ள பாடங்கள் அந்த வேலையின் படிகளாக இருக்க வேண்டும். தினசரி விற்பனையைப் பதிவது, யார் யார் எவ்வளவு பாக்கி என்று SUMIF கொண்டு ஆள்வாரியாகக் கூட்டுவது, மாதக் கடைசியில் இருப்பைச் சரிபார்ப்பது. தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். நடுவில் ஒரு படி தாவினாலோ, வேலைக்குச் சம்பந்தமில்லாத பாடம் ஒன்று துருத்திக்கொண்டு நின்றாலோ அப்போதே தெரிந்துவிடும். 'எக்ஸலின் வரலாறு' போன்ற பாடம் அப்படித்தான் அகப்படும். அதற்கு ஒரு திறனைக் கற்பித்துத் தலைப்பு வைக்க முயல வேண்டாம். தேவையான இரண்டு வரியை வேறு பாடத்தில் சேர்த்துவிட்டு எடுத்துவிடலாம்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் வினை கடைசியில் வரும். கைபேசித் திரையோ நீளமான தலைப்பின் வாலை வெட்டிவிடும். 'எந்தப் பொருள் எந்த மாதத்தில் அதிகமாக விற்றது என்பதைக் கண்டுபிடித்தல்' என்று எழுதினால் 'எந்தப் பொருள் எந்த…' என்பதோடு நின்றுவிடும். 'மாதவாரி விற்பனைப் பட்டியல் எடுத்தல்' என்றால் வெட்டுப்பட்டாலும் பொருள் நிற்கும். கையில் கிடைக்கப்போகும் பொருளை முதல் இரண்டு சொல்லுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

வாக்கைப் பெரிதாக்கும் ஆசையும் வரும். 'எக்ஸலில் நிபுணராகுங்கள்' என்று ஒரு கால் மணி நேர வீடியோவுக்குத் தலைப்பு வைப்பது, வந்தவரை ஏமாற்றுவது. நிபுணரானாரா என்று சோதிக்க வழியில்லை. பில்லில் விலை வந்ததா என்று சோதிக்க வழி இருக்கிறது.

மென்பொருள் மாறும்போதும் இந்த வகைத் தலைப்பு உதவுகிறது. VLOOKUP செய்யும் வேலைக்கு மைக்ரோசாஃப்ட் இப்போது XLOOKUP என்ற புதிய ஃபார்முலாவைத் தந்திருக்கிறது. அச்சாக ஒத்துப்போவதை மட்டுமே அது இயல்பாகத் தேடும் என்பதால், FALSE மறந்துபோகும் ஆபத்து அதில் இல்லை. ஆனால் எக்ஸல் 2016, 2019 பதிப்புகளில் அது கிடையாது. 'VLOOKUP பகுதி 1' என்று பெயரிட்டவர் பாடத்தையே புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். 'விலை தானே வரும் பில்' என்று பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரை மாற்றி, வீடியோவில் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதிவு செய்து, எந்தப் பதிப்பு தேவை என்ற ஒரு வரியை விளக்கத்தில் சேர்த்தால் போதும்.