கடன் கிடைக்காத சந்தையில் மட்டமாகும் கோடு

சந்தை ஒரு சதவீதம் ஏறினால் ஒரு பங்கு சராசரியாக எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்லும் எண்தான் பீட்டா. பீட்டா கூடக்கூட எதிர்பார்க்கும் வருமானமும் நேர்கோட்டில் கூட வேண்டும் என்று 1964-இல் வில்லியம் ஷார்ப் காட்டினார். அதுவே பத்திரச் சந்தைக் கோடு. அபாயமற்ற வட்டி 6 சதவீதம், சந்தை வருமானம் 12 என்றால், 1.5 பீட்டா உள்ள பங்கு 15 சதவீதம் தர வேண்டும்.

இதற்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: யார் வேண்டுமானாலும் அரசாங்கத்தைப் போல 6 சதவீதத்துக்குக் கடன் வாங்கலாம். கையில் 100 ரூபாய் வைத்திருப்பவர் 50 ரூபாய் கடன் வாங்கி 150-ஐயும் சந்தையில் போட்டால் 18 ரூபாய் வரும். வட்டி 3 போக 15 மிஞ்சும். நிஜத்தில் அந்த வட்டிக்கு அவருக்கு யார் கடன் தருவார்கள்?

கடன் இல்லாமலும் 15 வேண்டும் என்பவர்கள் அதிக பீட்டா பங்குகளையே நாடுவார்கள். எல்லோரும் அங்கே குவிவதால் விலை ஏறும். வாங்கிய விலை கூடியதால் இனி வரும் வருமானம் குறையும். கேட்பாரற்ற குறைந்த பீட்டா பங்குகள் மலிவாகக் கிடைக்கும், வருமானமும் கூடும். கோட்டின் இடது முனை உயர்ந்து வலது முனை தாழும்.

ஃபிஷர் பிளாக் 1972-இல் இதை நிறுவினார். கோடு இனி அபாயமற்ற வட்டியில் தொடங்குவதில்லை. சந்தையோடு சேர்ந்து நகராத, ஆனால் தனக்கென அபாயம் உள்ள ஒரு பங்குத் தொகுப்பின் வருமானத்தில் தொடங்குகிறது. அதுதான் பூஜ்ய பீட்டா தொகுப்பு. அதன் வருமானம் 8 சதவீதம் என்று வைத்தால், 0.5 பீட்டா பங்கு 9-க்குப் பதில் 10 தரும், 1.5 பீட்டா பங்கு 15-க்குப் பதில் 14. முதல் பங்கை 150 ரூபாய்க்கு வாங்கி, இரண்டாவதை இரவல் பெற்று 50 ரூபாய்க்கு விற்றுப் பாருங்கள். பீட்டா 0.75-இல் 0.75 கழிந்து பூஜ்யமாகிறது. வருமானம் 15-இல் 7 போக அதே 8.

அதே ஆண்டு பிளாக், மைக்கேல் ஜென்சன், மைரன் ஷோல்ஸ் மூவரும் நியூயார்க் பங்குச் சந்தையின் 1931–1965 மாத விவரங்களைச் சோதித்தார்கள். அபாயமற்ற வட்டிக்கு மேல் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டால், கோடு பூஜ்யத்தில் தொடங்கி, பீட்டா ஒன்று கூடும்போது மாதம் 1.42 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். அது 0.36-இல் தொடங்கி 1.08 மட்டுமே ஏறியது.

இங்கே ஒரு பொறி உண்டு. பீட்டாவைத் தப்பாக அளந்தாலும் கோடு மட்டமாகத்தான் தெரியும். அதனால்தான் அவர்கள் தனிப்பங்குகளை விட்டு, முந்தைய ஐந்தாண்டு பீட்டாவை வைத்துப் பங்குகளைப் பத்துத் தொகுப்புகளாகப் பிரித்து, அடுத்த ஆண்டின் வருமானத்தைப் பார்த்தார்கள்.

பிளாக்கின் விளக்கத்துக்கும் எல்லை உண்டு. பணம் போட 6 சதவீதம், கடன் வாங்க 9 என்றிருக்கும் சந்தையில் கோட்டின் தொடக்கம் அவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கும் என்று மைக்கேல் பிரென்னன் 1971-இலேயே காட்டியிருந்தார். அளந்த கோடு 9-க்கும் மேலே தொடங்கினால், கடன் தடையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.