இல்லாத மன்னருக்கு வழுக்கையா?

"பிரான்சின் இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர்." இந்த வாக்கியம் உண்மையா, பொய்யா?

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய 1905-இல் பிரான்ஸ் குடியரசு, இன்றும் அப்படித்தான். உலகத்திலுள்ள வழுக்கைத் தலையர்களை எல்லாம் ஒரு பக்கம் நிறுத்தினால் அவர்களிடையே அந்த மன்னர் இருக்கமாட்டார். ஆகவே வாக்கியம் பொய். ஒரு வாக்கியம் பொய் என்றால் அதன் மறுப்பு உண்மையாக வேண்டும் என்பது தர்க்கத்தின் பழைய விதி. அப்படியானால் "அவர் வழுக்கைத் தலையர் அல்லர்" என்பது உண்மையா? முடி உள்ளவர்களை மறுபக்கம் நிறுத்தித் தேடினாலும் அவர் கிடைக்கப்போவதில்லையே!

ஆஸ்திரியாவைச் சேர்ந்த அலெக்சியஸ் மைனாங்கிடம் ஒரு விடை இருந்தது. பொன்மலை உலகில் இல்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பேசுகிறோம், ஆகவே அதுவும் ஒருவகைப் பொருள்தான் என்றார். ரஸ்ஸல் இதை ஏற்கவில்லை. வட்டமான சதுரத்தையும் பொருள் என்று ஒத்துக்கொண்டால், ஒரே பொருள் வட்டமாகவும் வட்டமல்லாததாகவும் இருக்கும். அந்த முரண்பாட்டைத் தாங்கும் தர்க்கம் அவரிடம் இல்லை.

'மைண்ட்' இதழில் அந்த ஆண்டு வெளியான கட்டுரையில் அவர் வேறு வழி காட்டினார். 'பிரான்சின் இன்றைய மன்னர்' என்ற தொடர் ஓர் ஆளுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டே அல்ல என்றார். அது எழுவாய் போல வேடமிட்டிருக்கிறது. வேடத்தைக் கலைத்தால் மூன்று கூற்றுகள் வெளிவருகின்றன. இன்று பிரான்சுக்கு மன்னராக ஒருவராவது இருக்கிறார். ஒருவருக்கு மேல் இல்லை. அப்படி இருப்பவர் வழுக்கைத் தலையர். முதல் கூற்றே பொய் என்பதால் மொத்தமும் பொய். இல்லாத மன்னரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது கூற்றை ஆங்கிலத்தில் 'தி' என்ற குட்டிச் சொல் சுமக்கிறது. தமிழில் அதற்கு ஈடான சொல் இல்லை. 'முருகேசனின் மகன் வந்தான்' என்றால் அவருக்கு எத்தனை மகன்கள் என்று தெரியாது. 'மூத்த மகன்' என்றால்தான் ஒருவன் என்று உறுதியாகும். நம் மொழியில் அந்த 'ஒருவரே' சூழலிலோ அடைமொழியிலோ ஒளிந்திருக்கிறது.

இனி மறுப்புக்கு வருவோம். "மன்னர் வழுக்கைத் தலையர் அல்லர்" என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். 'மன்னர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு வழுக்கை இல்லை' என்று படித்தால் அதுவும் பொய். 'மன்னர் ஒருவரே இருக்கிறார், அவர் வழுக்கைத் தலையர் என்று சொல்வது சரியல்ல' என்று படித்தால் உண்மை. 'அல்லர்' மறுப்பது வழுக்கையை மட்டுமா, மூன்று கூற்றையும் சேர்த்தா என்பதுதான் வேறுபாடு. பழைய விதி கேட்பது இரண்டாவது மறுப்பை. விதிக்குச் சேதமில்லை.

இந்த முறையின் அருமை வானவியலில் எனக்குத் தெளிவானது. கணக்குப் போட்டு நெப்டியூனைக் கண்டறிய 1846-இல் வழிகாட்டிய லெ வெரியே, 1859-இல் புதன் கோளின் பாதை கணக்கிலிருந்து சற்று விலகுவதைக் கவனித்தார். புதனுக்கு உள்ளே சூரியனைச் சுற்றும் இன்னொரு கோள்தான் காரணமாக இருக்கும் என்று கருதினார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது. பல ஆண்டுகள் தேடினார்கள். நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி அளவுள்ள அந்த விலகலை 1915-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை விளக்கியதும் வல்கனுக்கு வேலையே இல்லாமல் போனது.

"வல்கன் இல்லை" என்கிறோம். எது இல்லை? வல்கன் வெறும் பெயரென்றால் அது எதையும் குறிக்கவில்லை. வாக்கியம் வெற்றொலி ஆகிவிடும். ரஸ்ஸல் வழியில் அதைச் சுருக்கிய வர்ணனையாகப் படித்தால் சிக்கலில்லை: 'புதனின் பாதைக்குள் சுற்றி அதை விலகச் செய்யும் கோள் ஒன்றே ஒன்று இருக்கிறது என்பது சரியல்ல.' லெ வெரியே உறுதிசெய்ததும் பின்வந்தவர்கள் மறுத்ததும் இந்த ஒரே கூற்றைத்தான்.

1950-இல் பீட்டர் ஸ்ட்ராசன் இதை எதிர்த்தார். மன்னர் இருக்கிறார் என்பது வாக்கியம் சொல்லும் செய்தி அல்ல, பேச்சுக்கு முன்பே எடுத்துக்கொள்ளப்படும் நிபந்தனை. அது பொய்த்தால் உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாது என்றார். வழுக்கை வாக்கியத்தைக் கேட்டால் நாமும் 'பொய்' என்று சொல்லாமல், "அங்கே ஏது மன்னர்?" என்றுதான் கேட்போம். அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் "நேற்று பிரான்ஸ் மன்னர் என் வீட்டில் சாப்பிட்டார்" என்று ஒருவர் சொல்லட்டும். யோசிக்காமல் பொய் என்றே சொல்வோம். நான் ரஸ்ஸல் பக்கம்.