விதிகள் கூடக்கூடப் பதில்கள் கெடுவது ஏன்?

ஒரு கடையின் இணையதள ஓரத்தில் உள்ள அரட்டைப் பெட்டியில் நாம் ஏதோ கேட்கிறோம். பதில் எழுதுவது ஒரு மொழி மாதிரி. நம் கேள்விக்கு முன்பே அது கடைக்காரர்கள் எழுதிவைத்த ஒரு குறிப்பைப் படித்திருக்கும். யாருக்காகப் பேசுகிறது, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். இதற்கு சிஸ்டம் பிராம்ப்ட் என்று பெயர். வாடிக்கையாளர் கண்ணில் அது படாது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் அந்தக் குறிப்பு முழுவதும் மாதிரியின் முன்னால் நிற்கிறது.

இதை எழுதுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை வரி எழுதலாம் என்பதுதான். இடத்துக்குப் பஞ்சமில்லை. இன்றைய மாதிரிகள் பலவற்றுக்குச் சில நூறு பக்கங்களை ஒரே மூச்சில் கொடுத்துவிடலாம். சாட்பாட் தயாரிக்கும் நிறுவனங்களே நீளமாகத்தான் எழுதுகின்றன. ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் மாதிரிக்கான சிஸ்டம் பிராம்ப்டுகளை 2024 ஆகஸ்ட் முதல் வெளியிட்டு வருகிறது. தொடக்கத்தில் சில பத்திகளாக இருந்தவை 2025இல் ஆயிரம் சொற்களைத் தாண்டிவிட்டன. ஆகவே நீளத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நீளம் எதனால் ஆனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாதிரிக்குத் தெரியாத செய்திகளால் ஆன மூன்று பக்கம் நன்றாக வேலை செய்யும். காரணம் சொல்லாத தடைகளால் ஆன அரைப் பக்கம் பதில்களைக் கெடுத்துவிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு கைத்தறிச் சேலைக் கடையை எடுத்துக்கொள்வோம். கடை கற்பனைதான், ஆனால் அதன் சிக்கல்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் பார்ப்பவை. முதல் குறிப்பு பத்து வரி. என்னென்ன சேலைகள் விற்கிறோம், தமிழ்நாட்டுக்குள் எத்தனை நாளில் போய்ச் சேரும், பிரிக்காத சேலையை ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், பிளவுஸ் துணியை வெட்டிவிட்டால் திரும்பப் பெற மாட்டோம், ஆர்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வசதி உனக்குக் கிடையாது, அதைக் கேட்பவருக்கு இந்தத் தொலைபேசி எண்ணைக் கொடு. அவ்வளவுதான். பதில்கள் நன்றாகவே வந்தன.

பிறகு ஒரு நாள், யாரோ கேட்டதற்காக அரட்டைப் பெட்டி இன்னொரு கடையின் விலையோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டது. மேலாளர் ஒரு வரி சேர்த்தார்: பிற கடைகளைப் பற்றி ஒருபோதும் பேசக் கூடாது. அடுத்த வாரம் ஒரு பதில் நீளமாகப் போனது. எந்தப் பதிலும் மூன்று வரியைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு வரி. சேலையைத் திருப்பி அனுப்புவது பற்றி ஒருவருக்கு அரைகுறைப் பதில் போய்த் தகராறு ஆனது. அது பற்றிக் கேட்டால் எல்லா நிபந்தனைகளையும் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று மூன்றாவது வரி. கோபத்தோடு எழுதிய வாடிக்கையாளருக்கு மாதிரி மொட்டையாகப் பதில் சொன்னதால் நான்காவது வரி: வாடிக்கையாளரின் சிரமத்துக்கு எப்போதும் முதலில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் நியாயமானது. சேர்த்துப் பார்த்தால் என்ன ஆனது? "மடிசார் கட்ட ஒன்பது கஜத்தில் கிடைக்குமா?" என்று ஆவலோடு கேட்ட பெண்மணிக்கு, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் தொடங்கியது. "வேறு கடையில் வாங்கிய பட்டையும் இதே மாதிரி அலசலாமா?" என்று கேட்டவருக்கு, பிற கடைகளைப் பற்றிப் பேச இயலாது என்று பதில் போனது. திருப்பி அனுப்புவது பற்றிய கேள்விக்கு ஒருமுறை மூன்று வரியில் பாதி நிபந்தனை வந்தது, இன்னொரு முறை பத்து வரியில் முழு நிபந்தனையும் வந்தது. மூன்று வரிக்குள் எல்லா நிபந்தனையையும் அடக்க முடியாதபோது இரண்டு விதிகளில் ஒன்றை மாதிரி மீறியே ஆக வேண்டும். எதை மீறுவது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

விதி மிகுந்துவிட்டதற்கான அறிகுறிகள் இந்த மூன்று பதில்களிலேயே கிடைத்துவிடுகின்றன. ஒரு சூழ்நிலைக்காக எழுதிய விதி, சம்பந்தமில்லாத இடத்தில் வந்து நிற்பது முதல் அறிகுறி. ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டால் பதிலின் போக்கே மாறிக்கொண்டிருப்பது இரண்டாவது. எங்கோ இரண்டு விதிகள் மோதுகின்றன என்று அதற்குப் பொருள். மாதிரி தன் விதிகளைப் பற்றியே வாடிக்கையாளரிடம் பேசத் தொடங்குவது மூன்றாவது. பட்டை அலசக் கேட்டவருக்கு அலசும் முறையைச் சொல்லாமல் எனக்கு அனுமதி இல்லை என்று சொன்னால், மாதிரியின் கவனம் கேள்வியை விட்டுக் குறிப்பின் மேல் போய்விட்டது.

இவற்றோடு இன்னொன்றும் அடிக்கடி கண்ணில் படும். இப்படிப் பேசு என்று உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் கொடுத்தால், அதே வாக்கியம் எழுத்து மாறாமல் பத்துப் பேருக்கும் போகும். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4.1 மாதிரிக்காக வெளியிட்ட வழிகாட்டி இதைக் குறிப்பிட்டு எச்சரிக்கிறது. அதே வழிகாட்டியில் இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பதில் சொல்வதற்கு முன் கண்டிப்பாக ஒரு கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி போட்டால், தேவையான விவரம் கையில் இல்லாதபோது மாதிரி அதைத் தானே இட்டுக்கட்டிக் கருவிக்குக் கொடுத்துவிடக்கூடும். ஆர்டர் எண்ணைச் சொல்லாத வாடிக்கையாளருக்காக மாதிரியே ஓர் எண்ணை உருவாக்கித் தேடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விவரம் போதவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் கேள் என்று ஒரு வரி சேர்ப்பதுதான் அங்கே சொல்லப்பட்ட தீர்வு. கண்டிப்பான விதிக்கு ஒரு வெளியேறும் வழி தேவைப்பட்டது.

புதிய மாதிரிகள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்யப் பழக்கப்பட்டவை. அதனால் இந்தச் சிக்கல் குறையவில்லை, கூடியிருக்கிறது. பழைய மாதிரிகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எப்போதும், ஒருபோதும், மிக முக்கியம் என்ற சொற்கள் அப்போது பழக்கத்துக்கு வந்தன. இன்றைய மாதிரிக்கு அதே அழுத்தம் கொடுத்தால் அது அளவுக்கு மீறிக் கீழ்ப்படிகிறது. ஆந்த்ரோபிக்கின் சமீபத்திய வழிகாட்டுதலும் இத்தகைய சொற்களைத் தணித்து, இயல்பாகச் சொன்னாலே போதும் என்கிறது.

விதிகள் மிக அதிகமானால் வேறொன்றும் நடக்கும். 2025இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே அறிக்கையை எழுதச் சொல்லி அதற்கான நிபந்தனைகளைப் படிப்படியாக 500 வரை ஏற்றிப் பார்த்தது. 500ஐத் தொட்டபோது மிகச் சிறந்த மாதிரியும் 68 சதவீத நிபந்தனைகளைத்தான் நிறைவேற்றியது. மீதியில் பெரும்பாலானவற்றை அது தவறாகச் செய்யவில்லை, சத்தமில்லாமல் விட்டுவிட்டது. சாதாரணக் கடையின் குறிப்பில் 500 விதி இருக்காது என்பது உண்மை. ஆனால் விடுபட்டது எது என்று பதிலைப் பார்த்துத் தெரியாது என்பதே எனக்குக் கவலை தருகிறது. எழுதி வைத்துவிட்டோம், இனி நடக்கும் என்று மேலாளர் நிம்மதியாக இருப்பார்.

சரி, எப்படி எழுதுவது? ஆந்த்ரோபிக்கின் ஆவணங்களில் உள்ள ஓர் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். முற்றுப்புள்ளிகளை வரிசையாக வைத்து இழுக்காதே என்று வெறுமனே தடை போடலாம். அதையே, உன் பதிலை ஒரு கருவி சத்தமாக வாசிக்கப் போகிறது, அந்தப் புள்ளிகளை எப்படி உச்சரிப்பது என்று அதற்குத் தெரியாது, அதனால் அவற்றைத் தவிர்த்துவிடு என்றும் சொல்லலாம். இரண்டாவது வழி நீளம், ஆனால் பலன் அதிகம். பதில் காதில் கேட்கப்படப் போகிறது என்று தெரிந்ததும், நாம் சொல்லாமலே அட்டவணைகளையும் அடைப்புக்குறிகளையும் மாதிரி தவிர்க்க வாய்ப்புண்டு. காரணத்தோடு சேர்ந்த ஒரு வரி, காரணமில்லாத ஐந்து விதிகளின் இடத்தை நிரப்பிவிடுகிறது.

சேலைக் கடையின் நான்கு விதிகளை இதே முறையில் மாற்றினால் இப்படி வரும்:

```
எழுதுபவர்கள் பெரும்பாலும் கைபேசியில்
படிப்பார்கள். அதனால் கேட்டதற்கு மட்டும்
சுருக்கமாகப் பதில் சொல். சேலையைத் திருப்பி
அனுப்புவது பற்றிக் கேட்டால் மட்டும் எல்லா
நிபந்தனைகளையும் சொல்; ஒன்று விட்டாலும்
அவர்களுக்குப் பண நட்டம். பிற கடைகளின்
விலை நமக்குச் சரியாகத் தெரியாது, ஒப்பிட
வேண்டாம். துணியைப் பராமரிப்பது பற்றி
யார் கேட்டாலும் உதவு. குறை சொல்லி
எழுதுபவரிடம் வருத்தம் தெரிவி.
```

மோதிய இரண்டு விதிகளில் எது எப்போது முந்தும் என்பது இங்கே தெளிவாகிவிட்டது. விலை ஒப்பீடு ஏன் வேண்டாம் என்று தெரிந்ததால், வேறு கடைப் பட்டை அலசுவது பற்றிய கேள்வி அந்தத் தடையில் மாட்டாது. மடிசார் கேட்ட பெண்மணி குறை எதுவும் சொல்லவில்லை என்பதால் அவரிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

இப்படி மாற்றியது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். வாடிக்கையாளர்கள் நிஜமாகவே கேட்டவற்றிலிருந்து முப்பது நாற்பது கேள்விகளைத் திரட்டிவைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதி எந்த விதியோடும் தொடர்பில்லாத சாதாரணக் கேள்விகளாக இருக்கட்டும், ஏனென்றால் அதிகப்படி விதிகளின் கேடு அங்கேதான் வெளிப்படும். ஒவ்வொரு கேள்வியையும் சில முறை கேட்க வேண்டும், ஒரே முறை வந்த பதிலை நம்பக் கூடாது. பிறகு ஒரு விதியை எடுத்துவிட்டு அதே கேள்விகளை மறுபடி ஓட்டுங்கள். பதில்கள் மாறவில்லை என்றால் அந்த வரிக்கு அங்கே வேலை இல்லை. மேம்பட்டால் அது இதுவரை கெடுதல் செய்திருக்கிறது. மோசமானால் திரும்பச் சேர்த்து, அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

குறிப்பில் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அதன் மேல் சுமத்தக் கூடாத பொறுப்பு ஒன்றும் உண்டு. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் செவ்ரலே கார் விற்பனை நிலையம் ஒன்றின் சாட்பாட்டை ஒருவர் பேசி மசியவைத்து, ஒரு டாலருக்குக் கார் தருவதாக ஒப்புக்கொள்ளச் செய்தார். சிஸ்டம் பிராம்ப்டில் உள்ள விதி மாதிரியின் போக்கைச் சாய்க்கும், பூட்டுப் போடாது. பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது என்பது மீறவே முடியாத எல்லை என்றால், பில் போடும் மென்பொருளில்தான் அதை வைக்க வேண்டும். அங்கே வைத்துவிட்டால் குறிப்பிலிருந்து நான்கைந்து எச்சரிக்கை வரிகளை எடுத்துவிடலாம்.

மாதிரியின் புதிய பதிப்புக்கு மாறும்போது இந்தச் சோதனை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். குறிப்பில் உள்ள விதிகளில் பல, பழைய பதிப்பின் குறைகளுக்குப் போட்ட ஒட்டுகள். புதியதில் அந்தக் குறை இல்லாமலே இருக்கலாம், ஒட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். கடையைப் பற்றிய செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு, விதிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதல் சுற்றை ஓட்டுங்கள். அதில் எந்தக் கேள்வியில் பதில் சறுக்குகிறதோ, அதற்கான வரியை மட்டும் காரணத்தோடு திரும்பச் சேர்த்தால் போதும்.